நிலாவில் முயலைக் காட்டிக் கதை சொல்லப் போகிறீர்களா? முதல்முறைக்கான வழிகாட்டி

மொட்டைமாடியில் பதினைந்து குழந்தைகளை உட்கார வைத்து, "அதோ பாருங்கள், நிலாவில் முயல்" என்று நான் கை காட்டிய முதல் இரவில் ஒருவருக்கும் முயல் தெரியவில்லை. வளர்பிறை ஆறாம் நாள் அது. முயலின் காதும் முகமும் மட்டும் வெளிச்சத்தில் இருந்தன, உடம்பு இன்னும் இருட்டில். எனக்கே அது அப்போது தெரியாது. இரண்டாம் முறை பௌர்ணமியன்று நள்ளிரவில் கூட்டினேன். நிலா தலைக்கு மேலே கண்ணைக் கூசவைத்தது, குழந்தைகள் தூங்கி வழிந்தார்கள். மூன்றாம் முறை முயல் தெரிந்தது. ஆனால் நான் சொன்ன கதை மூன்று நாட்டுக் கதைகளின் கலவை என்று வந்திருந்த ஒரு பெரியவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இந்த மூன்று தவறுகளையும் நீங்கள் செய்யாமலிருக்க, நான் இப்போது செய்யும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

கதையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நாளைக் குறிக்க வேண்டும், ஏனென்றால் முயல் எல்லா நாளும் முழுதாகத் தெரியாது. வளர்பிறையில் முதலில் காதுகள் வெளிச்சத்துக்கு வரும். அரை நிலாவில் தலையும் தெரியும். உடம்பு முழுமையாக வர வளர்பிறை பதினொன்று, பன்னிரண்டாம் நாள் ஆகிவிடும். பௌர்ணமி கழிந்ததும் அதே வரிசையில் மறையும், அதாவது காதுகள்தான் முதலில் போகும். தேய்பிறை அரை நிலாவில் காதில்லாத உடம்புதான் மிச்சம்.

ஆகவே உங்களுக்குப் பயன்படுவது பௌர்ணமியை ஒட்டிய நான்கைந்து நாட்கள்தான். அதிலும் நான் தேர்வது பௌர்ணமிக்கு முந்தைய மாலை. பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும் வேளையில் எழும். ஒவ்வொரு நாளும் அது சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதிக்கும். எனவே முந்தைய நாள் சூரியன் மறையும்போதே நிலா கிழக்கே ஒரு முஷ்டி உயரத்துக்கு ஏறியிருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது வானில் ஏறத்தாழ 10 டிகிரி, இதுதான் நம் அளவுகோல். வானம் இன்னும் நீலமாக இருப்பதால் நிலா கண்ணைக் கூசாது, கறைகள் தெளிவாகப் பிரியும். குழந்தைகளும் விழித்திருப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நிலா எழும்போது முயல் காதை மேலே வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நள்ளிரவில் சாய்ந்துவிடும். விடியுமுன் மேற்கே இறங்கும்போது தலைகீழாகத் தொங்கும். பூமத்திய ரேகைப் பக்கத்து நாடுகளில் இது அப்படியே நடக்கும், துருவங்களை நோக்கிப் போகப் போகச் சாய்வு மாறுபடும். கதையில் வரும் முயல் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் நிலா எழும் நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

2. நீங்கள் தனியாகப் பார்த்துப் பழகுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மற்றவருக்குக் காட்டும் முன் நீங்கள் குறைந்தது மூன்று மாலைகளாவது பார்த்திருக்க வேண்டும். தொலைநோக்கி வேண்டாம். அதில் முயல் சிதைந்து பள்ளங்களும் சமவெளிகளும்தான் தெரியும். வெறுங்கண்தான் இதற்குச் சரியான கருவி, செலவும் இல்லை.

நிலா எழும்போது மேல் விளிம்புக்கு அருகே தனியாக ஒரு சிறிய நீள்வட்டக் கறை நிற்கும். அது முயலின் பகுதி அல்ல, அடையாளக் கல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதை அடுத்து உள்ளே தெரியும் பெரிய கறைதான் முயலின் தலை. அமைதிக் கடல் என்று வானியலாளர்கள் பெயரிட்ட இடம் அது. 1969 ஜூலை 20 அன்று மனிதன் முதலில் கால் வைத்ததும் அங்கேதான். தலையிலிருந்து வலப்பக்கமாக இரண்டு கறைகள் நீளும், செழுமைக் கடலும் அமுதக் கடலும். இவை காதுகள். தலைக்குக் கீழே இடப்பக்கமாகத் தொடங்கி நிலாவின் கீழ்ப்பாதிவரை பரவியிருக்கும் பெரிய கருமை உடம்பு. தொடங்கும்போது காதுகளைத் தேடாதீர்கள், தலையைப் பிடியுங்கள். காதைத் தேடுகிறவர்கள்தான் வழக்கமாகத் தொலைந்து போகிறார்கள்.

கடல் என்ற பெயரைக் கேட்டு யாராவது தண்ணீரா என்று கேட்பார்கள். தண்ணீர் இல்லை. பழங்காலத்தில் பெரும் பள்ளங்களை நிரப்பி உறைந்த எரிமலைக் குழம்பு அது. கருமையான பாறை என்பதால் சுற்றியுள்ள மேட்டுநிலத்தைவிட வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்புகிறது. இதைக் கதைக்கு முன் சொல்லிவிடாதீர்கள், பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னபோது குழந்தைகள் முயலைத் தேடுவதையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

3. கதையின் ஆவணத்தைக் கையில் வையுங்கள்

நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் நிலாக் கதைகளில் பெரும்பாலானவை யாருடைய கதை, யார் எப்போது எழுதி வைத்தார்கள் என்று சொல்வதில்லை. அதனால் ஒரு நோட்டில் ஒவ்வொரு கதைக்கும் நான்கு வரி எழுதுகிறேன். எந்த மக்களுடையது, எந்த மொழியில் எப்போது பதிவானது, நிலாவின் எந்தக் கறையைக் காட்டுகிறது, கதை கறையை எப்படி விளக்குகிறது. நான்கில் ஒன்று காலியாக இருந்தால் அந்தக் கதையை அன்றைக்குச் சொல்வதில்லை.

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் 316-ஆவதாக வரும் முயல் கதையை எடுத்துக்கொள்வோம். பாலி மொழியில் உள்ளது. 1895 முதல் 1907 வரை கோவெல் என்ற அறிஞரின் மேற்பார்வையில் ஆங்கிலத்தில் ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காட்டில் முயல், குரங்கு, நரி, நீர்நாய் நால்வரும் நண்பர்கள். நோன்பு நாளில் வரும் விருந்தினருக்கு உணவு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். மற்ற மூவருக்கும் கொடுக்க ஏதோ கிடைத்துவிடுகிறது. முயலுக்குப் புல்தான் உணவு, அதை மனிதருக்குக் கொடுக்க முடியாது. என் உடம்பையே கொடுக்கிறேன் என்று அது நினைக்கிறது. அதைச் சோதிக்க சக்கன், அதாவது இந்திரன், பிராமணன் வேடத்தில் வருகிறான். தீ மூட்டச் சொல்கிறது முயல். குதிக்கும் முன் உடம்பை மூன்று முறை உதறுகிறது, மயிருக்குள் இருக்கும் சிற்றுயிர்கள் சாகக் கூடாது என்று. தீ சுடவில்லை, பனியைப் போலக் குளிர்ந்திருக்கிறது. சக்கன் ஒரு மலையைப் பிழிந்து அதன் சாற்றால் நிலாவில் முயலை வரைகிறான்.

பல மறுசொல்லல்களில் அந்த மூன்று உதறல் விடுபட்டுப் போகிறது. அதை விட்டால் கதை பாதியாகிவிடுகிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் தன்னைக் கொடுக்கிறவர் பிறர் உயிரைக் கொடுத்துவிடக் கூடாது என்ற நுட்பம் அங்கேதான் இருக்கிறது. சிறு குழந்தைகள் அந்த இடத்தில்தான் எழுந்து தாங்களும் உதறிக் காட்டுவார்கள். சப்பானில் வழங்கும் வடிவத்தில் முயல் உண்மையிலேயே எரிந்துவிடுகிறது, நிலாவில் மேகம்போல் தெரிவது அந்தப் புகை. இரண்டும் நல்ல கதைகள். ஆனால் ஒன்றின் முடிவை மற்றொன்றின் நடுவில் ஒட்டாதீர்கள். சீனக் கதையில் மருந்து இடிக்கும் முயலையும் இதில் கொண்டுவராதீர்கள், நான் அதைத்தான் செய்தேன்.

4. இரண்டாவது கதை ஒன்றைத் தயாராக வையுங்கள்

முதல் கதை முடிந்ததும் நிச்சயம் ஒரு கேள்வி வரும்: "இதே முயலை வேறு யாராவது பார்த்தார்களா?" பார்த்தார்கள். மெக்சிகோவின் நஹுவா மக்களின் கதையை, 16-ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற பாதிரியார் அம்மக்களின் உதவியோடு அவர்கள் மொழியிலேயே பதிவு செய்தார். உலகம் இருட்டாக இருந்தபோது தெய்வங்கள் தியோதிவாக்கான் என்ற இடத்தில் கூடுகிறார்கள். யார் தீயில் குதித்துச் சூரியனாவது? பெருமை பேசிய ஒருவர் தயங்கித் தயங்கி நிற்க, உடலெல்லாம் புண் நிறைந்த எளியவர் முதலில் குதித்துவிடுகிறார். பிறகு வெட்கப்பட்டுப் பெருமைக்காரரும் குதிக்கிறார். இருவரும் ஒரே ஒளியோடு எழுகிறார்கள். இரண்டு சூரியன் கூடாது என்று ஒரு தெய்வம் இரண்டாமவர் முகத்தில் முயலை வீசி எறிகிறது. ஒளி மங்குகிறது, அவர் நிலாவாகிறார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டிலும் முயல், இரண்டிலும் தீ, ஆகவே ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கதை போயிருக்கிறது என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் அதே கறைகள்தான், திசை மட்டும் மாறும். ஒரே படத்தைப் பார்க்கிற கண்கள் அதே விலங்கைக் காண்பதற்குக் கடிதப் போக்குவரத்து தேவையில்லை. கதைகளின் உள்ளர்த்தமோ நேர்மாறு: ஒன்றில் முயல் பெறுவது மரியாதை, மற்றொன்றில் அது அடிக்கப் பயன்பட்ட பொருள்.

முயல் இல்லாத கதைகளும் வேண்டும். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் கதையில், இரவில் தன்னிடம் வருகிறவன் யார் என்று கண்டுபிடிக்க ஒரு பெண் கையில் கரியைத் தடவிக்கொண்டு அவன் முகத்தில் பூசுகிறாள். அது தன் அண்ணன் என்று தெரிந்ததும் தீப்பந்தத்தோடு ஓடுகிறாள், அவனும் பின்னால் ஓடுகிறான். அவள் சூரியன், அவன் நிலா. இந்தியாவின் வடகிழக்கில் உள்ள காசி என்ற பழங்குடி மக்களின் கதையில் சூரியச் சகோதரி நிலாவின் முகத்தில் சாம்பலை எறிகிறாள். தென் ஆப்பிரிக்காவின் கோய்கோய் கதையில் செய்தியைத் தவறாகச் சொன்ன முயலின் உதட்டை நிலா கிழிக்கிறது, முயல் பதிலுக்கு நிலாவின் முகத்தைப் பிறாண்டுகிறது. கரி, சாம்பல், பிறாண்டல் மூன்றும் "இவ்வளவு வெளிச்சமான முகம் ஏன் சுத்தமாக இல்லை?" என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. முயலோ "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்பதற்குப் பதில். நிலாவில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்மிடம் சொல்வது இந்த இரண்டாவது வகை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்தால் கதையைத் தேர்வது எளிது.

ஒரு எச்சரிக்கை. கரிக் கதையில் அண்ணன் தங்கை விஷயம் சிறு குழந்தைகளுக்குப் பொருந்தாது. பெரியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. நட்சத்திரக் கதைக்கு வேறு இரவு எடுங்கள்

முதல் வருடம் ஒரே இரவில் நிலாவையும் நட்சத்திரக் கூட்டத்தையும் சேர்த்தேன். பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் கரைந்துபோயின, பாதிக் கதை வானில் இல்லை. நட்சத்திரத்துக்கு அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்வரை எடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும், அதனால் கைபேசியை எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விளக்கு வேண்டுமென்றால் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்குகிறவருக்கு நான் தரும் கதை ஒன்றுதான்: மான் வேட்டை. ஜனவரி முதல் மார்ச் வரை மாலை எட்டு, ஒன்பது மணிக்கு வானில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் சம இடைவெளியில் தெரியும். மேலை நாட்டார் ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடைக்கச்சை என்று சொல்வது இதைத்தான். பழைய வடமொழி நூலான ஐதரேய பிராமணத்தில் இந்த இடம் வேறு மாதிரி. பிரஜாபதி ஆண் மானாகி ரோகிணி என்ற பெண் மானைத் துரத்துகிறான். தேவர்கள் சினந்து, தங்கள் பயங்கர உருவங்களையெல்லாம் சேர்த்து ஒருவனை உண்டாக்குகிறார்கள். அவன் எய்த மூன்று கணு அம்பு மானைத் துளைக்கிறது. அந்த அம்புதான் மூன்று நட்சத்திரம். மூலத்தில் ரோகிணி அவன் மகளாக வருகிறாள். குழந்தைகளிடம் மான் துரத்தல் என்று மட்டும் சொல்லுங்கள், கதை எதையும் இழக்காது.

இப்போது கையை நீட்டுங்கள். அம்பின் வரிசையை ஒரு பக்கம் நீட்டினால் ஏறத்தாழ இரண்டு முஷ்டி தூரத்தில் சிவந்த ரோகிணி. மறுபக்கம் அதே அளவு தூரத்தில் வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம், சிரியஸ், கதையில் அவன்தான் வேடன். வேடன், அம்பு, மான், ரோகிணி நால்வரும் ஒரே கோட்டில். இதைவிட முக்கியமானது எழும் வரிசை. முதலில் ரோகிணி எழுவாள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து மான். அதற்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வேடன். ஆக, துரத்தல் ஒவ்வொரு இரவும் கண்முன் நடக்கிறது, யாரும் யாரையும் பிடிப்பதில்லை. மனிதர்கள் வானத்துக்குக் கதை சொல்வதற்கு ஒரு காரணம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. எந்த நட்சத்திரம் எதற்குப் பின்னால் வரும் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். துரத்துகிறவன், ஓடுகிறவள் என்று சொன்னால் மறக்காது. கைகாட்டும் மரமும் கடிகாரமும் ஒரே கதைக்குள் அடங்கியிருக்கின்றன.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இந்த இடைவெளிகள் பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளுக்கானவை. வடக்கே போகப் போக வேடன் இன்னும் தாமதிப்பான். தெற்கே வெகுதூரம் போனால் மூவரும் நெருக்கமாக எழுந்து, துரத்தலே தெரியாது. கிரேக்கர்களின் பெருங்கரடி நட்சத்திரக் கூட்டக் கதையிலும் இதே சிக்கல் உண்டு. கரடி ஒருபோதும் கடலில் குளிப்பதில்லை என்று அவர்கள் சொன்னார்கள், அவர்கள் நாட்டிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்துக்குக் கீழே இறங்குவதில்லை. பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தால் கரடி தினமும் குளித்துக்கொண்டிருக்கும். உங்கள் ஊரின் வானத்தில் கதை உண்மையாகிறதா என்று முன்கூட்டியே ஒரு இரவு சோதியுங்கள்.

6. கதைக்கே இருக்கும் காலக்கெடுவை மதியுங்கள்

எல்லாக் கதையையும் எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. வட அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்கள் பல வானக் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள், பாம்பும் கரடியும் உறங்கும் மாதங்களில். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் கதைகளில் சிலவற்றை அவர்கள் சமூகத்துக்கு வெளியே சொல்ல அனுமதியில்லை. அவர்களே பொதுவில் பகிர்ந்தவற்றை மட்டும் எடுங்கள். அப்படிப் பகிரப்பட்டவற்றில் ஒன்று வான எமு. நட்சத்திரங்களை இணைத்து வரைவதல்ல, பால்வெளியின் கருமையான தூசித் திட்டுகளே பறவையின் தலையும் கழுத்தும் உடம்பும். காமிலரோய் மக்களிடம் ஏப்ரல், மே மாத மாலைகளில் அது ஓடும் கோலத்தில் தெரியும்போது நிலத்தில் எமுக்கள் துணை தேடும் காலம். நகர வெளிச்சத்தில் இந்தக் கருமை தெரியவே தெரியாது, ஆகவே நகரத்தில் இருப்பவர் இந்தக் கதையை எடுக்க வேண்டாம்.

7. அன்றைய மாலைக்கான கணக்கு

மொத்தம் நாற்பது நிமிடம் போதும். பத்து நிமிடம் எல்லோரும் அமைதியாக நிலாவைப் பார்த்துத் தாங்களே எதையாவது கண்டுபிடிக்கட்டும். என்ன தெரிகிறது என்று கேட்டு, யார் சொன்னதையும் தவறென்று சொல்லாதீர்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் தலையிலிருந்து தொடங்கி முயலைக் காட்டுங்கள். பிறகு ஒரு கதை, எட்டு நிமிடம். இன்னொரு கதை, ஐந்து நிமிடம். மீதி நேரம் கேள்விகளுக்கு.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை, உட்கார விரிப்பும் ஒரு அட்டையும் தேவை. அட்டையில் நிலாவை வட்டமாக வரைந்து கறைகளை மட்டும் கருப்பாகத் தீட்டிக்கொள்ளுங்கள். முயலின் உருவத்தை வெளிக்கோட்டால் வரைந்துவிடாதீர்கள், வரைந்தால் எல்லோரும் அட்டையைத்தான் பார்ப்பார்கள். அட்டையை நிலா எழும் கோணத்துக்குத் திருப்பிப் பிடிக்கவும் மறக்காதீர்கள். பெரும்பாலான படங்களில் வடக்கு மேலே இருக்கும், அப்போது முயல் சாய்ந்து கிடக்கும்.

மேகம் வந்தால் கதையைச் சொல்லிவிடாமல் மறுநாளுக்குத் தள்ளுங்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாளை முதலில் வைத்தால் கைவசம் இன்னும் இரண்டு மாலைகள் இருக்கும். மூன்றாவது மாலையும் மூடினால் காதுகள் மங்கத் தொடங்கிவிடும், அடுத்த மாதம்தான்.